தேதியை மாற்றுவது கடைசி வழி

புறத்தேர்வாளர் குறித்த நாளில் வர இயலாததால் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வைத் தள்ளிவைக்கக் கோருவது வழக்கமாகிவிட்டது. அதை உடனே ஏற்பது சரியல்ல. மாணவர் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தாலும், சென்னையில் செய்தாலும், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளே அடிப்படை. ஆய்வேட்டைப் புறத்தேர்வாளர் குறைந்தது இருவர் மதிப்பிட வேண்டும். வாய்மொழித் தேர்வுக்கோ நெறியாளருடன் அவர்களில் ஒருவர் இருந்தால் போதும். இணையவழியிலும் நடத்தலாம். ஆய்வேடு ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் முடிவையும் அறிவித்தாக வேண்டும். ஜனவரி தொடக்கத்தில் ஒப்படைத்தவருக்கு ஜூன் 20இல் தேர்வு என்றால், மூன்று வாரம் தள்ளினாலே கெடு தாண்டிவிடும். மதிப்பீட்டு அறிக்கைகள் தாமதமாக வந்த பழியை மாணவர் ஏன் சுமக்க வேண்டும்? புறத்தேர்வாளருக்குப் பயணம்தான் தடையென்றால் அதே நாளில் இணையவழியில் நடத்துங்கள். அந்த நேரமே அவருக்கு ஒழியாவிட்டால் மற்றத் தேர்வாளரை அழையுங்கள். அவருக்கும் இயலாதபோது மட்டும் ஒத்திவையுங்கள். அப்போதும் ‘தேதி பின்னர் அறிவிக்கப்படும்’ என்ற வரி கூடாது. இது பலர் முன்னிலையில் நடக்கும் தேர்வு என்பதால், புதிய நாளும் நேரமும் ஒத்திவைப்புச் சுற்றறிக்கையிலேயே இடம்பெற வேண்டும்.