விலகல் கடிதத்துக்கு முன்னால் ஒரு கடிதம்

பசறைத் தோட்டத்திலிருந்து தினமும் பதுளை நகருக்கு வந்து கணக்கெழுதும் தங்கை ஒருத்திக்குக் கொழும்பில் வேலை கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போதைய சம்பளம் 45,000 ரூபாய். விலகுவதானால் ஒரு மாத முன்னறிவித்தல், இல்லையேல் குறையும் நாட்களுக்குச் சம்பளம் கட்ட வேண்டும் என்கிறது நியமனக் கடிதம். (சில கடிதங்களில் முழு மாதச் சம்பளம் என்றிருக்கும்; வாசித்துப் பாருங்கள்.) புதிய இடத்தார் 15 நாளில் வரச் சொல்கிறார்கள். மீதி 15 நாளுக்கு 22,500 ரூபாயை யார் கட்டுவது?

"வாங்க, பார்த்துக்கொள்ளலாம்" என்று தொலைபேசியில் சொன்னால் போதாது. இப்படி எழுதுங்கள்: "நியமனத்தை மகிழ்வுடன் ஏற்கிறேன். குறித்த திகதியில் சேர்வதானால் பழைய நிறுவனத்துக்கு 22,500 ரூபாய் செலுத்த வேண்டியுள்ளது. அதைத் தாங்கள் ஏற்க வேண்டுகிறேன். இயலாவிடில் சேரும் திகதியை 15 நாள் தள்ளித் தாருங்கள்." இரண்டாவது வழி அவர்களுக்குச் செலவில்லாதது, பெரும்பாலும் அதற்காவது இணங்குவார்கள். போர்டிங் முற்பணம், சாமான் ஏற்றும் செலவு வேண்டுமானால் தொகையோடு இதிலேயே கேளுங்கள்.

பதிலில் "முற்பணம்" என்றிருந்தால் அது பின்னர் சம்பளத்தில் கழியக்கூடும். ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்றிருந்தால், முழுத் தொகையா, மீதி மாதங்களுக்கு மட்டுமா என்று எழுதி வாங்குங்கள். அதன் பிறகே விலகல் கடிதம்.