'நோ ட்ராமா' என்று எழுதும் மாப்பிள்ளைமார்



எங்கள் பக்கம் கலியாணப் பேச்சு இப்போது வட்ஸ்அப்பில்தான் தொடங்குகிறது. ஒரு படம், கீழே பத்துப் பன்னிரண்டு வரி. முன்பென்றால் எருக்கலம்பிட்டியிலோ தாராபுரத்திலோ நாலு வீடு தள்ளி விசாரித்தால் போதும். 1990இல் எல்லோரும் சிதறி, பாதிப் பேர் புத்தளத்திலும் மீதிப் பேர் வெளிநாட்டிலும் இருக்கையில் யாரிடம் விசாரிப்பது? அந்தப் பன்னிரண்டு வரியைத்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

போன மாதம் எங்கள் உறவுக்காரத் தங்கச்சி ஒருத்திக்கு ஒன்று வந்தது. ஐந்து வரி படிப்பு, வேலை, உயரம். மீதி ஏழும் 'வேண்டாம்'. நோ ட்ராமா, நோ ஈகோ, சந்தேகப்படுபவர் வேண்டாம், பழையதைக் கிளறுபவர் வேண்டாம், துருவிக் கேட்பவர் வேண்டாம், ஃபேஸ்புக் வேண்டாம், கைக்கூலி வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் கண்ணில் பட்டது கடைசி வரி மட்டும்.

நாங்கள் பார்த்தது, ஒவ்வொரு 'வேண்டாம்' என்பதும் யாரைக் கட்டுகிறது என்பதை. கைக்கூலி வேண்டாம் என்பது அவரையே கட்டுகிறது, அது நல்லது. மற்ற ஆறும் வரப்போகிறவளின் வாயைக் கட்டுகின்றன. சந்தேகம், பழையது, துருவல் மூன்றும் ஒன்றாக வந்தால், யாரோ ஒருத்தி ஏற்கெனவே ஏதோ கேட்டிருக்கிறாள் என்று யோசிக்க இடமிருக்கிறது.

ஆனால் அந்தச் சொல்லை வைத்து மட்டும் ஆளை ஒதுக்கவும் கூடாது. பாதிப் பேர் அடுத்தவரின் பயோடேட்டாவைப் பார்த்து அப்படியே எழுதுகிறார்கள். தினமும் கூச்சலும் அடியுமாக இருந்த வீட்டிலிருந்து வெளியே வந்த ஒரு ராத்தாவும் 'சண்டை சச்சரவு வேண்டாம்' என்றுதான் எழுதியிருந்தார். கேட்டபோது, என்ன நடந்தது, தான் எங்கே பொறுமை இழந்தார் என்பதையெல்லாம் ஆறுதலாகச் சொன்னார்.

அதனால் அந்தத் தங்கச்சியின் நானா மாப்பிள்ளையிடம் ஒரே கேள்விதான் கேட்டார். "ட்ராமா என்று எதைச் சொல்றீங்க தம்பி? கடைசியா எப்ப நடந்தது, நீங்க என்ன செய்தீங்க?" முதலில் சிரிப்பு. பிறகு, முந்திய நிக்காஹ் ஒன்று இருந்தது, காதியாரிடம் போய் முடிந்தது என்று வந்தது. அது குற்றமில்லை. ஆனால் அந்தப் பிள்ளை செய்த தப்பாக அவர் சொன்னது, "எங்க போனீங்க, காசு எங்க என்று கேட்டுக்கொண்டே இருப்பா" என்பதுதான். தன் பக்கம் ஒரு சொல் இல்லை. மறுநாள், இப்படி விசாரிப்பதே ட்ராமாதான் என்று ஒரு வொய்ஸ் மெசேஜ்.

நிக்காஹுக்கு முன்பே இதைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகளின் கையெழுத்தைக் கேட்பதில்லை, அவளுக்காக வலி ஒப்பமிடுகிறார். அவள் தன் வாயால் கேட்க மிஞ்சியிருப்பது இந்தப் பேச்சு நடக்கும் நாட்கள்தான்.

வாப்பா தரகருக்குப் போன் எடுத்து வேண்டாம் என்றுவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, பிள்ளை இன்னும் படிக்கப் போகிறாள் என்று சமாளித்தோம்.