வீடு எதுவென்று கம்பனியா தீர்ப்பது?

கடவுச்சொல்லைப் பகிர்வதே அன்பு என்று 2017 மார்ச்சில் உலகறியச் சொன்ன நிறுவனம் நெட்பிளிக்ஸ். அதே நிறுவனம் 2023 மே மாதத்தில், பிரித்தானியா உட்பட நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் அந்த அன்புக்குத் தடை விதித்தது. இடையில் நிகழ்ந்தது யாது? 2022இன் முதற் காலாண்டில் இரண்டு இலட்சம் சந்தாதாரரை அது இழந்தது. பத்துக் கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் பிறர் கணக்கைக்கொண்டு படம் பார்க்கின்றனர் என்றும் அப்போதுதான் அறிவித்தது. வளர்ச்சி குன்றியவுடன் அன்பு குற்றமாயிற்று!

இவ்விதி எவரைத் தாக்குகின்றது? வெள்ளவத்தையில் முதிய பெற்றோர், கொட்டாஞ்சேனையில் மூத்த மகன், இலண்டனில் மகள் என வாழும் குடும்பம் நம்மிடையே ஒன்றிரண்டா? சந்தா கட்டுபவள் மகள். ஆனால் கம்பனியின் அகராதியில் அவர்கள் ஒரு குடும்பம் அல்லர். அவள் வீட்டுத் தொலைக்காட்சி எந்த இணைய இணைப்பில் இயங்குகின்றதோ, அதுவே "வீடு". இணைப்பின் முகவரியையும் கருவியின் அடையாளத்தையும் பார்த்து யந்திரம் உறவைத் தீர்மானிக்கின்றது. வெள்ளவத்தைத் திரையில் தடை அறிவித்தல் தோன்றினால், தற்காலிக இலக்கம் மகளுக்கே செல்லும். பதினைந்து நிமிடத்தில் அது காலாவதியாகும். இங்கே இரவு எட்டு மணி. அங்கே பிற்பகல், அவளோ அலுவலகத்தில்!

மேலதிகப் பணம் கட்டித் தப்பலாமா எனின், அதுவும் இயலாது. மேலதிக உறுப்பினர் கணக்கு, மூலக் கணக்கு தொடங்கிய நாட்டிலேயே தொடங்கப்படல் வேண்டும். கடல் கடந்த தாய் தந்தையருக்கு அந்த வாயிலும் அடைப்பு.

இலண்டனிலேயே வேறு வீட்டில் வாழும் தம்பிக்கெனில் வாயில் திறக்கும், விலையோடு. விளம்பரமற்ற சாதாரணத் திட்டம் 2023இல் மாதம் 10.99 பவுண், மேலதிக உறுப்பினருக்கு 4.99. 2025 பெப்ரவரியில் அவை 12.99 ஆகவும் 5.99 ஆகவும் உயர்ந்தன. இரண்டாண்டிற்குள் 15.98 பவுண் 18.98 ஆயிற்று. முதலில் வேலி, பின்னர் வாயில், அதன் பின்னர் வாயிற்கட்டண உயர்வு.

ஒரு வீட்டாருக்கு மட்டுமே என்று உடன்படிக்கையில் முன்பே எழுதியிருந்தது எனக் கம்பனியார் கூறுவர். எழுதியிருந்தது உண்மை. ஆனால் அத்திட்டம் ஒரே வேளையில் இரண்டு திரைகள் என்ற கணக்கில் விற்கப்படுவதன்றோ? மூன்றாவது திரை திறவாது. ஆகவே மகள் பார்க்கும் திரை ஒன்று, தாய் பார்க்கும் திரை ஒன்று என இரண்டிற்கும் விலை கொடுத்தாயிற்று. இரண்டு இருக்கைக்குச் சீட்டு விற்றவன், வருவோர் ஒரே கூரையின்கீழ் உறங்குபவரா என்று கேட்பது எவ்வகை வாணிபம்? எந்நாட்டுப் படத்தை எந்நாட்டில் காட்டலாம் என்ற உரிமை வேறு விடயம். இலங்கையில் பார்ப்பவருக்கு இலங்கைக்குரிய பட்டியலையே அது காட்டுகின்றது.

நாம் இலவசம் கேட்கவில்லை. திரைகளை எண்ணி விற்பதானால், அத்திரை எவ்வூரில் இருப்பினும் ஏற்றுக்கொள்ளட்டும். அன்றேல், மேலதிக உறுப்பினர் கட்டணத்தைக் கடல் கடந்த பெற்றோருக்கும் திறந்து, அவர் வாழும் நாட்டின் விலைக்கேற்ப வாங்கட்டும்.