சூட்கேஸ் 27 கிலோவா? போட்டோவைப் பார்த்ததும் துணியில் கை வைக்காதீங்க!

ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் திருச்சி மாணவி ஒருவர். செக்-இன் பெட்டிக்கு 23 கிலோ, கைப்பைக்கு 8 கிலோ. டிக்கெட்டில் இருப்பது அவ்வளவுதான். மூட மறுக்கும் சூட்கேஸை போட்டோ எடுத்து, அங்கே இருக்கும் பெரியப்பா மகனுக்கு அனுப்புகிறார். "அண்ணா, 27.4 கிலோ வருது. எதை எடுக்கட்டும்?"

போட்டோவில் பளிச்சென்று தெரிவது ஜீன்ஸும் பெட்ஷீட்டும். பலரும் உடனே அதைத்தான் உருவுவார்கள். தப்பு அங்கேதான். போட்டோ காட்டுவது அடைக்கும் இடத்தை, எடையை அல்ல. நாலு டி-ஷர்ட்டை எடுத்தாலும் ஒரு கிலோ தேறாது. கனமெல்லாம் அடியில் ஒளிந்திருக்கும். (காற்றை உறிஞ்சும் வேக்வம் பையும் இங்கே உதவாது. இடம் கிடைத்ததே என்று இன்னும் ரெண்டு பொருள் உள்ளே போகும்.)

அண்ணன் கேட்டது வேறு போட்டோ. "எல்லாத்தையும் கட்டில்ல பரப்பி, மேல இருந்து எடுத்து அனுப்பும்மா. சமையல் தராசுல நிறுத்து, எடையையும் எழுது."

இரண்டாவது போட்டோவில் விஷயம் வெளிச்சமானது. ஷாம்பூவும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்து 1 கிலோ, அங்கேயே வாங்கலாம். அரிசி 2 கிலோ. அதுவும் அங்கே கிடைக்கும். நெய் அரை கிலோ. வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகள் பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்திருப்பதால், எடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது போகக் கூடாது. 1.2 கிலோ ஜாக்கெட்டை உடம்பில் போட்டுக்கொள்ளலாம். 400 கிராம் பவர் பேங்க் பெட்டியில் இருக்கவே கூடாது, லித்தியம் பேட்டரி என்பதால் கைப்பையில்தான் வர வேண்டும். மொத்தம் 5.1 கிலோ குறைந்து, பெட்டி 22.3 ஆனது. ஜீன்ஸ், பெட்ஷீட், குக்கர் எதுவும் வெளியே வரவில்லை.

சரியாக 23-இல் நிறுத்தாமல் அரை கிலோவாவது குறைத்து வைப்பதே புத்திசாலித்தனம். வீட்டுத் தராசும் கவுன்டர் தராசும் ஒரே மாதிரி காட்டும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிட் மெஷினில் ஏறி, பிறகு பெட்டி இல்லாமல் ஏறி, வித்தியாசத்தைப் பார்த்தால் போதும்.

இன்னொரு பொறி, மிச்சத்தை எல்லாம் கைப்பையில் திணிப்பது. அதையும் கவுன்டரில் நிறுப்பார்கள். ஊறுகாய் பாட்டில் அங்கே போனால் பாதுகாப்புச் சோதனையில் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். 100 மில்லிக்கு மேல் திரவமோ குழம்பு மாதிரி பொருளோ கேபினுக்குள் போக முடியாது. ஒரிஜினல் சான்றிதழ், மருந்து, லேப்டாப், இவைதான் கைப்பைக்கு.

அம்மாவுக்கு மட்டும் அரிசி விஷயத்தில் வருத்தம். "பொன்னி அரிசிடா அது." குறைந்த 700 கிராமில் அரை கிலோ பருப்புப் பொடி குக்கருக்குள் ஏறியது. பெட்டி இப்போது 22.8.

"இதுக்கு மேல ஒண்ணும் வைக்காதீங்க சித்தி" என்று அண்ணனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது.