மூன்று நிபந்தனைகள், ஒரு சுயவிவரம்

லெபோ பந்தாய், நம் வாய்மொழியில் பீச் ஸ்திரீட். 1875இல் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் இங்கே கடை திறந்த நாளிலிருந்து பினாங்கில் வங்கி என்றால் இந்தத் தெருதான். அந்தப் பக்கத்து வங்கி ஒன்றின் வேலை விளம்பரத்தையும் தன் சுயவிவரத்தையும் நேயர் ஒருவர் எனக்கு அனுப்பியிருந்தார். "அண்ணே, தமிழ்ல பேசுற உங்களுக்கு எழுத்தும் சரியா வரும், பாத்துச் சொல்லுங்க" என்றார். எழுத்தில் குறையே இல்லை. ஆனால் வங்கி கேட்பது ஒன்று, தாள் சொல்வது வேறு என்று எனக்குப் பட்டது. வங்கியில் நேர்காணல் குழுக்களில் உட்கார்ந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் புலாவ் திக்குஸில் இருக்கிறார். தாளை அவரிடம் கொண்டு போனேன். நேயரின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு, அன்று நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

விளம்பரம் கேட்டது மூன்று: கடன் மதிப்பீட்டு அறிவு, சட்டவிதிப் பயிற்சி, கடனோடு பிற சேவைகளையும் விற்கும் மாத இலக்கு. தங்கை பட்டர்வொர்த்தில் மோட்டார் சைக்கிள் கடன் நிறுவனம் ஒன்றில் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்தவர். அவர் எழுதியிருந்த முதல் வரி: "மாதம் 40 கடன்களைக் கையாண்டு, இலக்கில் 140 விழுக்காடு எட்டினேன்."

பெரியவர் அந்த வரியிலேயே பேனாவை வைத்தார். "தம்பி, 40 கடனா, 40 விண்ணப்பமா? இலக்கு எவ்வளவு? ஒப்புதல் கொடுத்தது யாரு?"

நேயரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டோம். மாதம் வருவது 40 விண்ணப்பங்கள். அவற்றைச் சோதித்து, சராசரியாக 28ஐத் தலைமையகத்துக்குப் பரிந்துரைப்பார். ஒப்புதல் தலைமையகத்தின் கையில். அவர் பரிந்துரைத்தவற்றுக்கு அநேகமாக ஒப்புதல் கிடைத்துவிடும். மாத இலக்கு 20. இருபதுக்கு 28 என்பதுதான் அந்த 140 விழுக்காடு. எண்ணில் பொய் இல்லை. ஆனால் அது விற்பனைக்கான எண். கடன் மதிப்பீடு என்ற முதல் நிபந்தனையைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை.

அந்த அறிவு இருப்பது 28இல் அல்ல, திருப்பி அனுப்பிய 12இல் என்றார் பெரியவர். ஏன் திருப்பினீர்கள் என்று கேட்டதும் தங்கை தடுமாறாமல் சொன்னார். ஒருவரின் சம்பளச் சீட்டில் 3,800 ரிங்கிட் என்றிருந்தது. சேமநிதிக்குப் பிடித்தது 330 ரிங்கிட். ஊழியர் பங்கு 11 விழுக்காடு என்றால் 3,800க்கு 418 வரவேண்டும். 330 என்பது 3,000 ரிங்கிட் சம்பளத்துக்கு உரியது. சேமநிதி அறிக்கையைக் கொண்டுவரச் சொன்னார், அந்த ஆள் திரும்பி வரவே இல்லை.

இன்னொருவரின் சீட்டு சரியாக இருந்தது. கையில் வரும் சம்பளம் 3,500, ஏற்கெனவே கார் தவணை 1,100, வீட்டு வாடகை 700. பேங்க் நெகாராவின் சிசிரிஸ் பதிவில் கடந்த 12 மாதத் தவணை வரிசை இருக்கும். பூஜ்யம் என்றால் பாக்கி இல்லை, 1 என்றால் ஒரு மாதம் பின்தங்கியிருக்கிறார். இவருடைய வரிசையில் கடைசி மூன்று மாதங்கள் 1, 1, 2. முன்பு ஒழுங்காகக் கட்டியவர் இப்போதுதான் சரிகிறார் என்று பொருள். புதிய கடன் அவரை இன்னும் கீழே தள்ளும் என்று திருப்பி அனுப்பினார்.

"இதைத்தானே தாள்ல எழுதணும்!" என்றார் பெரியவர். அடுத்த கேள்வியும் கேட்டார்: கொடுத்த கடன்கள் என்ன ஆயின? ஓர் ஆண்டில் 336 கடன். அவற்றில் மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி விழுந்தவை 7, அதாவது நூற்றுக்கு இரண்டு. கிளையின் மொத்தக் கணக்கு அதைவிட மோசம் என்றும் தங்கை சொன்னார். "அதை எழுதாதம்மா. உன் கணக்கு உன்னோடது, கிளைக் கணக்கு நிறுவனத்தோடது. அதை வெளியே சொல்ற ஆளை எந்த வங்கியும் நம்பாது" என்று தடுத்துவிட்டார் பெரியவர்.

இரண்டாவது நிபந்தனையில்தான் தாள் பலவீனம். "அமலா பயிற்சி பெற்றவர்" என்று ஒரே வரி. அமலா என்பது 2001ஆம் ஆண்டுப் பணமோசடித் தடுப்புச் சட்டம். எந்த ஆண்டு, யார் நடத்தியது, தேர்வு உண்டா என்று எதுவும் இல்லை. கேட்டால், வேலையில் சேர்ந்த வாரத்தில் அரை நாள் வகுப்பு, அவ்வளவுதான். அப்படியே எழுது, ஊதிப் பெரிதாக்காதே என்றார் பெரியவர். ஆசியப் பட்டய வங்கியாளர் கழகம் இத்துறையில் சான்றிதழ்த் தேர்வுகள் நடத்துகிறது. பதிவு செய்திருந்தால் மட்டும் அதைக் குறிப்பிடலாம்.

இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. தன் திறமையைக் காட்ட, "சந்தேகப் பரிவர்த்தனை ஒன்றைப் பற்றி அறிக்கை அனுப்பினேன்" என்று சம்பவத்தோடு எழுதுபவர்கள் உண்டு. அப்படி அறிக்கை போனதை வெளியே சொல்வதே அந்தச் சட்டப்படி குற்றம். சட்டவிதி தெரியும் என்று காட்ட எழுதும் வரியே, தெரியாது என்பதற்குச் சாட்சியாகிவிடும். சம்பளச் சீட்டுக் கதை வேறு. ஆவணத்தை எப்படிச் சோதிப்பேன் என்பதை, ஆளின் பெயரும் முதலாளியின் பெயரும் இல்லாமல் சொல்லலாம்.

மூன்றாவது, விற்பனை. கடன் வாங்க வந்தவர்களுக்குச் சாலை உதவித் திட்டத்தையும் விற்றிருக்கிறார். மாதம் 9, ஆண்டுக்கு 108. மூன்று கடனுக்கு ஒன்று என்பது நல்ல கணக்குத்தான். ஆனால் பெரியவர் அதோடு விடவில்லை. "அடுத்த வருஷம் எத்தனை பேர் புதுப்பிச்சாங்க?" 61 பேர். பாதிக்கு மேல். வாங்கியவருக்கு அது தேவைப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அந்தக் கேள்வி ஏன் என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கி பாடம். ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுச் சேவைகள் என்று இலக்கு வைத்தார்கள். எட்ட முடியாத ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே கணக்குத் திறந்தார்கள். 2016இல் விஷயம் வெடித்தபோது 185 மில்லியன் டாலர் அபராதம், அதற்குள் ஏறத்தாழ 5,300 பேர் வேலை நீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். அதிலிருந்து, பெரிய விற்பனை எண்ணைப் பார்த்தால் நல்ல குழு பாராட்டுவதற்கு முன் சந்தேகப்படும்.

ஒரு குறையை மறைக்க முடியாது. வங்கியில் விற்கும் பிற சேவைகளில் முக்கியமானது காப்புறுதி. அதற்கு பி.சி.இ. தேர்வு தேறியிருக்க வேண்டும், தங்கை இன்னும் எழுதவில்லை. தாளில் தேர்வுக்குப் பதிவு செய்த தேதியைப் போடலாம், அதுவும் உண்மையிலேயே பதிவு செய்த பிறகு.

பெரியவரின் தீர்ப்பு இது: கடன் மதிப்பீட்டில் தாள் சொன்னதைவிட ஆள் கெட்டிக்காரி. விற்பனையில் தகுதி உண்டு. சட்டவிதியில் குறை, ஆனால் மூன்று மாதத்தில் நிரப்பக்கூடிய குறை. விண்ணப்பிக்கலாம். முதல் வரியை மட்டும் அவரே சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன்: "மாதம் சராசரி 40 விண்ணப்பங்களைச் சோதித்து 28ஐப் பரிந்துரைத்தேன், இலக்கு 20. ஓராண்டில் பரிந்துரைத்த 336 கடன்களில் மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையானவை 7."

பழைய வரியைவிட நீளம்தான். ஆனால் நேர்காணலில் யார் எந்த எண்ணைத் தொட்டுக் கேட்டாலும், தங்கையிடம் சொல்ல ஒரு பதில் இருக்கிறது.