அரியர் ஆன 38

சிவகாசியில் பட்டாசுத் தொழிலாளி வீட்டுப் பையன் ஒருவனின் பாலிடெக்னிக் மதிப்பெண்களைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. மற்ற பாடங்களில் எல்லாம் 70க்கு மேல். கணிதத்தின் வாரியத் தேர்வில் மட்டும் நூற்றுக்கு 38. அவன் படித்த பாடத்திட்ட விதிப்படி அதை 75க்கு மாற்றினால் 28.5. அகமதிப்பீட்டில் 25க்கு 22. கூட்டினால் 50.5, தேர்ச்சிக்கு 40 போதும். ஆனாலும் அரியர்தான், ஏனென்றால் வாரியத் தேர்வில் தனியாக 40 எடுத்தாக வேண்டும். அகமதிப்பீடு கல்லூரியே போடும் மதிப்பெண், அதை மட்டும் நம்ப முடியாது என்பது நியாயமான காரணம். ஆனால் அவனுடைய மற்ற 70களும் அதே வாரியம் திருத்தியவைதானே? அவை ஏன் இந்த இரண்டு மதிப்பெண்ணைத் தாங்கக் கூடாது? பிரிட்டனில் பொறியியல் பட்டங்களின் அங்கீகாரத்துக்கு விதி வகுக்கும் இஞ்சினியரிங் கவுன்சில்கூட, தேர்ச்சி மதிப்பெண்ணைவிடப் பத்து சதவீதப் புள்ளி வரை குறைந்த தாளை, ஓர் எல்லைக்குள், ஈடுகட்ட விடுகிறது. எல்லாத் தாளுக்கும் இந்தச் சலுகையை நான் கேட்கவில்லை. வெடிமருந்து புழங்கும் ஊரில் வேதியியலிலோ பாதுகாப்பிலோ தோற்றவனை ஆங்கில மதிப்பெண் காப்பாற்றக் கூடாது. அப்படிப்பட்ட தாள்களை விலக்கிவிட்டு, டிப்ளமோ முழுவதற்கும் ஒரே ஒரு தாளுக்கு, 35க்குக் குறையாமல் இருந்தால், இந்த ஈட்டைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் அனுமதிக்க வேண்டும்.