மறுத்தாலும் பணம் வரும்

பள்ளி விடுமுறை என்றால் நம் ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கத்துக் குடும்பங்கள் பலருக்கு ஹட்யாய் ஞாபகம் வந்துவிடும். ரயிலில் பாடாங் பெசார் வரை போய், எல்லையைக் கடந்தால் தாய்லாந்து. கையிலிருக்கும் பாட் தீர்ந்ததும் ஏடிஎம்மைத் தேடுவோம். அங்கே ஒரு முறை பணம் மீட்டாலும் மூன்று இடங்களில் காசு கழியும்.

முதலாவது, இயந்திரத்தின் கட்டணம். வெளிநாட்டு அட்டைக்குத் தாய்லாந்து ஏடிஎம்களில் பல ஆண்டுகளாக 220 பாட் வாங்கி வந்தார்கள். தொகையைத் திரையில் காட்டிவிட்டுத்தான் பிடிப்பார்கள். நீங்கள் 1,000 பாட் எடுத்தாலும் 10,000 பாட் எடுத்தாலும் கட்டணம் ஒன்றே. இரண்டாவது, நம் ஊர் வங்கி வெளிநாட்டுப் பண மீட்புக்கு வாங்கும் கட்டணம். இது வங்கிக்கு வங்கி மாறும். புறப்படும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாமல் போவது. பணம் வருவதற்குச் சற்று முன் திரை ஒரு கேள்வி கேட்கும்: ரிங்கிட்டில் கழிக்கட்டுமா, பாட்டில் கழிக்கட்டுமா? ஒரு பக்கம் ‘Accept conversion’, மறுபக்கம் ‘Decline conversion’. ‘Decline’ என்று அழுத்தினால் பணமே வராது என்று பயந்து, பலர் முதலாவதை அழுத்திவிடுகிறார்கள். உண்மையில் அந்தப் பொத்தான் மறுப்பது அவர்களுடைய மாற்று விகிதத்தை மட்டும்தான். பணம் வழக்கம்போல வரும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். அட்டை நிறுவனத்தின் விகிதம் 1 ரிங்கிட்டுக்கு 7.50 பாட் என்றும், இயந்திரம் காட்டும் விகிதம் 7.00 பாட் என்றும் வைத்துக்கொள்வோம். நீங்கள் 3,000 பாட் எடுக்கிறீர்கள்; கட்டணம் 220 பாட் என்றால் மொத்தம் 3,220 பாட். மாற்றத்தை மறுத்தால் சுமார் 429 ரிங்கிட் கழியும். ஏற்றுக்கொண்டால் 460 ரிங்கிட். ஒரே ஒரு பொத்தானுக்கு 31 ரிங்கிட் வித்தியாசம்! நம் வங்கியின் கட்டணம் இதற்கு மேல் தனி. மறுத்தாலும் சில வங்கிகள் அட்டை நிறுவன விகிதத்தின் மேல் சிறு சதவீதம் சேர்க்கும். ஆனாலும் அது பொதுவாக இயந்திரம் வைக்கும் இடைவெளியைவிடக் குறைவுதான். ‘கமிஷன் இல்லை’ என்று திரையில் போட்டிருந்தாலும் நம்பிவிட வேண்டாம். இலாபம் விகிதத்துக்குள்ளேயே இருக்கும்.

எதை அழுத்தினோம் என்று சந்தேகமா? ரசீதைப் பாருங்கள். அதில் ரிங்கிட் தொகையும் ஒரு மாற்று விகிதமும் அச்சாகியிருந்தால், மாற்றம் அங்கேயே நடந்துவிட்டது என்று அர்த்தம்.

மறுப்பதால் இயந்திரத்தின் கட்டணம் குறையாது. அதைக் குறைக்க எளிய வழி, எடுக்கும் தடவைகளைக் குறைப்பதுதான். தடவைக்கு 220 பாட் என்ற கணக்கில், ஐந்து தடவை 3,000 பாட் எடுத்தால் கட்டணம் மட்டும் 1,100 பாட். 15,000 பாட்டை ஒரே தடவையாக எடுத்தால் 220 பாட். கடைகளில் தாய்லாந்தின் பிராம்ப்ட்பே கியூஆர் இருந்தால், நம் வங்கிச் செயலியின் டூயிட்நவ் கியூஆர் மூலமே கட்டலாம். இந்த இணைப்பு 2021 முதல் இருக்கிறது. உங்கள் வங்கியின் செயலியில் அந்த வசதி உண்டா என்று ஈப்போவிலேயே பார்த்துவிடுங்கள். கியூஆர் இல்லாத கடைக்கு மட்டும் ரொக்கம் போதும்.